படித்தது மறக்காமலிருக்க: சுருக்கம் எழுதுவதா, கேள்வி கேட்டுக்கொள்வதா, நாள் குறித்துத் திரும்பப் படிப்பதா?

கதையல்லாத புத்தகங்களுக்கு இந்த மூன்றையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டு, இப்போது கேள்வி கேட்டுக்கொள்ளும் சுயசோதனையில் வந்து நிற்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அடிக்கோடு போடுவது பெரிதாக உதவாது என்பது தெரிந்த கதை, அதைத் தொடவில்லை.

கடலில் நீர் ஏறி இறங்கும் ஓதத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் படித்ததாக வைத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறந்து வைத்தபடி சுருக்கம் எழுதினால், "சந்திரனின் ஈர்ப்பால் கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது" என்று சரளமாக வந்துவிடும். வாக்கியம் சரிதான். ஆனால் சந்திரன் ஒரு பக்கம் இருக்கும்போது பூமியின் எதிர்ப்பக்கத்திலும் நீர் ஏன் ஏறுகிறது என்பது நமக்குப் புரியவில்லை என்பதை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பேனா சரியாக அந்த இடத்தில்தான் நிற்கும். மூடி எழுதும் சுருக்கம் நல்ல முறை என்றே சொல்வேன். ஆனால் அப்போது வேலை செய்வது சுருக்கம் அல்ல, நினைவிலிருந்து எடுக்கும் முயற்சி. அது சுயசோதனையின் நீண்ட வடிவம்.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஓர் உரைப்பகுதியை இரண்டாம் முறை படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, இரண்டாம் முறை படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்பப் படித்தவுடன் "எல்லாம் ஞாபகம் இருக்கிறது" என்று தோன்றுவதை நம்ப முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கேள்வியில் தரம் உண்டு. "ஓதம் எதனால் ஏற்படுகிறது?" என்பது வீண். "எதிர்ப்பக்கத்தில் நீர் ஏன் ஏறுகிறது?" என்று கேட்டால், அங்குள்ள நீரைவிடப் பூமியின் மையத்தைச் சந்திரன் வலுவாக இழுப்பதால் நீர் பின்தங்கிப் புடைக்கிறது என்று காரணத்தோடு சொல்லியாக வேண்டும். "அரைநிலா நாளில் ஏற்ற இறக்கம் ஏன் குறைவு?" என்றால், சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுப்பது நினைவுக்கு வர வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு இப்படி மூன்று நான்கு போதும்.

சில வாரங்களில் கேள்வியை முழுதாக வாசிக்கும் முன்பே பதில் வாயில் வந்து நிற்கும். கேள்வி கெட்டுவிட்டதற்கு அதுவே அடையாளம். பொருளை விட்டுவிட்டுக் கேள்வியின் முகத்தைத்தான் அடையாளம் காண்கிறோம். அப்போது கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: சூரியனே இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு முறை ஏறுவது அப்படியே இருக்கும். அமாவாசைக்கும் அரைநிலாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் போய்விடும்.

இனி இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. இதன் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாரத்தில் தேவைப்படுவதென்றால் மறுநாள் ஒருமுறை, ஓராண்டு நிற்க வேண்டுமென்றால் சுமார் மூன்று வாரம் கழித்து என்று, எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும். சிக்கல் பராமரிப்பில்தான், என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். கேள்வி-பதில் அட்டைகளை நாள் குறித்துத் திரும்பக் காட்டும் செயலியில் தினம் 20 புதிய அட்டைகள் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் முதல் இரண்டு மாதத்தில் ஐந்து முறை திரும்பி வந்தாலே, தினமும் 100 அட்டைகள் பார்க்க வேண்டியிருக்கும். தவறவிட்டவை இன்னும் சீக்கிரம் திரும்பும். ஒரு வாரம் வெளியூர் போனால் சில நூறு சேர்ந்து நிற்கும், அதைப் பார்த்த மாத்திரத்தில் பலர் செயலியையே மூடிவிடுகிறார்கள். தேர்வுக்கோ புது மொழியின் சொற்களுக்கோ அந்தச் சுமை தகும். விருப்பத்துக்குப் படிப்பவருக்கு, படிக்கும் நேரத்தையே அது தின்றுவிடும்.

அதனால் கேள்விகளை அத்தியாயத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி, மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மூன்றே முறை கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் முறையும் தடுமாறினால் அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படிக்கிறேன். துல்லியமான தேதிகள், பெயர்கள் இதில் நழுவத்தான் செய்யும். அவை அவசியமானால் செயலிதான் வழி. கணக்குப் பாடத்துக்கு இதை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன், அங்கே புதுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை.