ராணிப்பேட்டைக் குடும்பக் கம்பெனியில் எங்கள் 30 விழுக்காடு 7.5 ஆக்கப்பட்ட விதம்: பங்கு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து தொடங்கிய தோல், ஷூ அப்பர் கம்பெனிகள் பல, காலப்போக்கில் பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிவு செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் என் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் பங்குதாரர்கள். அப்பா இறந்த பிறகு எங்கள் பங்கு எவ்வாறு கரைக்கப்பட்டது என்பதையும், சட்டத்தில் அதற்கு என்ன வழி இருக்கிறது என்பதையும் விவரமாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள், குறிப்பாகக் கணவரையோ தந்தையையோ இழந்து கம்பெனிக் கணக்கைப் பார்த்திராத பெண்கள், இதைப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கம்பெனியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கம்பெனியில் மொத்தம் 20,000 பங்குகள், ஒவ்வொன்றும் 100 ரூபாய் முகமதிப்பு. ஏழு பங்குதாரர்கள். அப்பாவின் பெயரில் 6,000 பங்குகள், அதாவது 30 விழுக்காடு. அப்பா இறந்ததும் வாரிசுச் சான்றிதழுடன் பங்குகளை அம்மா பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்டோம். முறையான கோரிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழைத் தர வேண்டும் என்பது சட்டம். அவர்களோ, ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று வேண்டும் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில்தான், இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்குகளை வழங்கும் உரிமைப் பங்கு வெளியீடு என்ற பெயரில் 60,000 புதிய பங்குகளை முகமதிப்பான 100 ரூபாய்க்கே வெளியிட்டு, அனைத்தையும் பெரியப்பாவும் அவர் மகனும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தப் பங்குகள் 80,000 ஆயின. எங்களுடையது அதே 6,000, விழுக்காடு மட்டும் 7.5.

இதனால் ஏற்பட்ட நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் கொடுமை விளங்கும். வெளியீட்டுக்கு முந்தைய பேலன்ஸ் ஷீட்டின்படி கம்பெனியின் நிகர மதிப்பு 2 கோடியே 80 லட்சம், அதாவது பங்கு ஒன்றுக்கு 1,400 ரூபாய். எங்கள் பங்கின் மதிப்பு 84 லட்சம். 60 லட்சம் சேர்ந்த பிறகு நிகர மதிப்பு 3 கோடியே 40 லட்சம். அதை 80,000 பங்குகளால் வகுத்தால் ஒன்றுக்கு 425 ரூபாய்தான். எங்கள் பங்கு 25 லட்சத்து 50 ஆயிரமாகச் சுருங்கியது. ஒரு பொருளும் கம்பெனியை விட்டு வெளியே போகவில்லை, ஒரு கையெழுத்தும் எங்களிடம் வாங்கவில்லை, ஆனால் 58 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் எங்கள் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் நகர்ந்துவிட்டது.

அவர்கள் ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வேண்டிய ஒருவருக்கு மட்டும் புதிய பங்கு ஒதுக்குவதென்றால் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். 30 விழுக்காடு வைத்திருப்பவர் எதிர்த்து வாக்களித்தால் அது நிறைவேறாது. இருக்கும் பங்குதாரர் எல்லோருக்கும் அவரவர் விகிதப்படி வழங்கும் உரிமைப் பங்குக்கோ சிறப்புத் தீர்மானம் வேண்டியதில்லை, இயக்குநர் குழுவின் முடிவே போதும். வழங்கியதாகக் காகிதத்தில் காட்டிவிட்டு, சிறுபான்மையினர் பணம் கட்டவில்லை என்று எழுதி, மீதியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு எந்தச் சிறப்புத் தீர்மானத்தையும் தடுக்கும் வலிமை நம்மிடம் இருக்காது.

ஆனால் இந்த வழியிலும் சட்டம் சில படிகளை வைத்திருக்கிறது, அந்தப் படிகளில்தான் அவர்கள் சறுக்கினார்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 62-ஆம் பிரிவின்படி, உரிமைப் பங்குக்கான கடிதம் பதிவுத் தபால், விரைவுத் தபால், மின்னஞ்சல் அல்லது சேர்த்ததற்குச் சான்றுள்ள கூரியர் வழியாக, வெளியீடு தொடங்குவதற்கு மூன்று நாளைக்கு முன்பாவது அனுப்பப்பட வேண்டும். ஏற்றுக்கொள்ளப் பொதுவாகக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் அவகாசம் தர வேண்டும்; 2021-க்கு முன் அந்தக் குறைந்தபட்சம் 15 நாளாக இருந்தது. எங்கள் கம்பெனி காட்டியது அலுவலகத் தபால் பதிவேட்டில் இருந்த ஒற்றை வரி மட்டுமே. அதிலும் கடிதம் இறந்துபோன அப்பாவின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அவருடைய இறுதிச் சடங்கில் முன்னின்ற உடன்பிறந்தவர்களே அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். கம்பெனி பங்கு வெளியிடக்கூடிய உச்ச அளவான அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை 25 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தக் கூட்டியதாகச் சொன்ன பொதுக்கூட்டத்துக்கும் எங்களுக்கு அறிவிப்பு வரவில்லை. இறந்த பங்குதாரரின் சட்டப்பூர்வப் பிரதிநிதிக்கும் பொதுக்கூட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 101-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. பங்கு இன்னும் பெயர் மாறவில்லை என்பது அவர்களுக்குச் சாக்காகாது.

இதை நாங்கள் கண்டுபிடித்தது கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில். ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம் செலுத்தினால் அது தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். மூலதனம் உயர்த்தப்பட்டால் SH-7 என்ற படிவமும், பங்கு ஒதுக்கப்பட்டால் PAS-3 என்ற படிவமும் தாக்கலாக வேண்டும். PAS-3 உடன் யாருக்கு எத்தனை பங்கு என்ற பட்டியலும் இருக்கும். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலே முதல் சான்றாயிற்று.

அடுத்த கேள்வி, அந்த 60 லட்சம் உண்மையில் வந்ததா என்பது. விரிவாக்கத்துக்குப் பணம் தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம். பிறகு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் வங்கிக் கணக்கு விவரங்களைக் கேட்டபோது, புதிதாக வந்த பணம் ஏதுமில்லை என்று தெரிந்தது. பெரியப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய சம்பள பாக்கி என்று பல ஆண்டுகளாகக் கணக்கில் ஏற்றப்பட்டு வந்த கடனை, பங்குத் தொகையாகச் சரிக்கட்டியிருந்தார்கள். பணம் வராத வெளியீட்டுக்குப் பணத் தேவையைக் காரணமாகச் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டைக் கைப்பற்றுவதே நோக்கம் என்பதற்கு எங்களிடம் இருந்த மிக வலுவான சான்று இதுதான்.

பரிகாரம் தேடும்போதும் ஒரு தவறான வழி காட்டப்பட்டது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் முதலில் அணுகிய வழக்கறிஞர், தடையாணை கேட்டு உரிமையியல் வழக்குப் போடச் சொல்லிக் கட்டணமும் பெற்றுக்கொண்டார். தீர்ப்பாயம் தீர்மானிக்க வேண்டிய விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 430-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மனு திருப்பி அனுப்பப்பட்டது. ஒடுக்குமுறைக்கும் நிர்வாகச் சீர்கேட்டுக்கும் எதிரான மனு 241-ஆம் பிரிவின்கீழ், தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில்தான் தாக்கலாக வேண்டும். மூன்றாண்டுக் கால வரம்பு அங்கும் உண்டு என்பதால், தவறான இடத்தில் செலவிடும் காலம் சிறிய இழப்பு அல்ல.

மனுப் போட உங்களுக்குத் தகுதியே இல்லை என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும், எங்களுக்கும் அப்படியே. பத்து விழுக்காடு பங்கு வேண்டும், உங்களிடம் 7.5 தானே இருக்கிறது என்றார்கள். 244-ஆம் பிரிவை முழுதாகப் படித்தால் இந்த வாதம் நிற்காது. வெளியிடப்பட்ட மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு வழிதான். பங்குதாரர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அது, என்பது இன்னொரு வழி. ஏழு பேர் மட்டுமே உள்ள கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு ஒருவரைக்கூட எட்டாது, ஆகவே ஒருவர் தனியாகவே மனுச் செய்யலாம். சிறிய குடும்பக் கம்பெனிகளில் சிக்கியவர்களுக்கு இது பெரும் பாதுகாப்பு, ஆனால் பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை. இவை தவிர, தகுதி குறைந்தாலும் விலக்களிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அம்மாவின் பெயர் பதிவேட்டில் இல்லை என்ற வாதத்துக்கும் விடை இருந்தது: இறந்த பங்குதாரரின் வாரிசுகள், பெயர் பதிவாகும் முன்பே இத்தகைய மனுவைத் தாக்கல் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் மார்கரெட் டெசோர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லா மனக்குறையும் இங்கே எடுபடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பங்காதாயம் தரவில்லை என்பது மட்டும் பொதுவாக ஒடுக்குமுறையாகக் கொள்ளப்படுவதில்லை. பெரும்பான்மையினரின் ஒரு தவறான வணிக முடிவும் அப்படியே. தங்கள் அதிகாரத்தை அவர்கள் நேர்மையற்ற நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள், அதனால் நம் உரிமை பாதிக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். இதில் இரண்டு தீர்ப்புகள் எங்களுக்கு உதவின. டேல் அண்ட் காரிங்டன் வழக்கில் 2004-இல், கட்டுப்பாட்டைப் பிடிப்பதற்காக நிர்வாக இயக்குநர் தனக்கே ஒதுக்கிக்கொண்ட பங்குகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீலகிரியின் கேத்தியில் ஊசித் தொழிற்சாலை நடத்திய நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1981-இல், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கட்டாயம் பின்னணியில் இருந்ததால் ஒடுக்குமுறை நிரூபிக்கப்படவில்லை என்று அதே நீதிமன்றம் கருதியது. ஆயினும் குறைந்த விலையில் பங்கு பெற்றவர்கள் அநியாயமாக ஆதாயம் அடையக் கூடாது என்று, விலை வித்தியாசத்தை மறுதரப்புக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒதுக்கீடு ரத்தாகாத நிலையிலும் இழப்பீடு கேட்க இடமுண்டு என்பதற்கு இது ஆதாரம்.

எங்கள் மனுவில் முதலில் இடைக்கால உத்தரவு கேட்டோம். பங்கு நிலவரம் மேலும் மாறக் கூடாது, சிப்காட் பகுதியிலுள்ள கம்பெனி நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற உத்தரவு 242-ஆம் பிரிவின்கீழ் கிடைத்தது. அதற்குப் பிறகே எதிர்த்தரப்பு பேச்சுக்கு வந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும், இனி ஒரே மேசையில் அமர்ந்து கம்பெனி நடத்த முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததால், எங்கள் பங்கை அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பரிகாரத்துக்கு ஒப்புக்கொண்டோம். விலையை நிர்ணயிக்க மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட்டார்.

விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை மனுவிலேயே கேட்டு வையுங்கள், பிறகு கேட்டால் இழுபறியாகிவிடும். எந்தத் தேதியின் மதிப்பு என்பது ஒன்று: ஒதுக்கீட்டுக்கு முந்தைய நாளை அடிப்படையாகக் கொண்டு எங்களை 30 விழுக்காடு உடையவர்களாகவே கணக்கிட வேண்டும் என்று கேட்டோம், அது ஏற்கப்பட்டது. நிலத்தின் மதிப்பு இன்னொன்று: பேலன்ஸ் ஷீட்டில் நிலம் பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய விலையிலேயே இருந்தது, ஆகவே மேலே சொன்ன 1,400 ரூபாய்கூடக் குறைவான மதிப்புதான். சிறுபான்மைப் பங்கு என்பதற்காக விலையில் கழிவு வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. பங்கைக் குறைத்தவர்களே அந்தக் குறைவால் லாபம் பெறக் கூடாது என்ற எங்கள் வழக்கறிஞரின் வாதம் எங்கள் வழக்கில் ஏற்கப்பட்டது. தீர்ப்பாயத்தின் உத்தரவில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம்.

உங்கள் வீட்டில் பங்குதாரர் ஒருவர் இறந்திருந்தால், பெயர் மாற்றக் கோரிக்கையையும் உங்கள் முகவரி, மின்னஞ்சல் விவரங்களையும் பதிவுத் தபாலில் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சகத் தளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரில் SH-7 ஏதும் புதிதாகத் தாக்கலாகியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மூலதன உயர்வு முதலில் அங்கேதான் தெரியும், பங்கு ஒதுக்கீடு பெரும்பாலும் அதன் பின்னாலேயே வரும்.