சேலத்தில் நிற்கவைத்துப் பார்த்த இரத்த அழுத்தம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, குடும்பமாக ஏற்காட்டில் தங்கினோம். சித்தப்பாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. புராஸ்டேட் தொல்லைக்கு இரவில் பிரசோசின் அண்மையில்தான் சேர்ந்திருந்தது. அன்று இரண்டு பெக் பிராந்தி குடித்துவிட்டு அதையும் விழுங்கிப் படுத்தார். நள்ளிரவுக்குப் பிறகு சிறுநீர் கழிக்க எழுந்தவர், கழிவறை வாசலிலேயே சரிந்தார். நெற்றி கிழிந்தது. சில நொடிகளில் தெளிந்து, என்ன நடந்தது என்று அவரே கேட்டார்.

போதைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், தையல் போட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் வைத்தே அழுத்தத்தைப் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது அதில்தான். விழுந்தவர் படுத்திருக்கும்போது விழவில்லையே!

மறுநாள் மாலை, சேலத்தில் வீட்டருகே உள்ள சிறிய கிளினிக்கில் செவிலியர் அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தார்: 132. "ஐயா, இப்போது எழுந்து நில்லுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். ஒரு நிமிடத்தில் 104. சித்தப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு மேசையைப் பற்றினார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர். இங்கே 28, அதுவும் மது இல்லாத நாளில்.

அவர் விளக்கியது இதுதான். எழுந்ததும் இரத்தம் கால்களில் தேங்கும். உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி அதை மூளைக்குத் தள்ளவேண்டும். அந்தச் சுருக்கத்தைத்தான் பிரசோசின் தடுக்கிறது. தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டும்போதும் மயக்கம் வருவது அதிகம். மதுவும் குழாய்களைத் தளர்த்துகிறது. போதாததற்கு மதுவும் காலை மாத்திரையும் சிறுநீரைக் கூடுதலாகப் பிரித்து உடலின் நீரைக் குறைக்கின்றன. நிறையக் குடித்தால்தான் விழவேண்டும் என்பதில்லை. அவருக்கு இரண்டு பெக் போதுமாக இருந்தது.

மருத்துவர் பிரசோசினை மாற்றி எழுதினார். காலை மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, மது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். இரவில் எழும்போது கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழவேண்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கவேண்டும். கண் இருண்டால் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். தலைவலி கூடினாலோ, வாந்தியோ அதிகத் தூக்கமோ வந்தாலோ, ஸ்கேன் நன்றாக இருந்ததென்று பாராமல் உடனே வரச் சொன்னார்.

பிரசோசின் கொடுத்த மருந்துக் கடையில் மது குடிப்பீர்களா என்று யாரும் கேட்டதில்லையாம். ஊரில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இந்த மருந்துகள் நடக்கின்றன என்றால், அடுத்த பரிசோதனையில் நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.