நிகர சொத்து அறிக்கை எடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

மகளின் மேற்படிப்புக்கு வங்கிக் கடன் கேட்டிருந்தேன். எனது நிகர சொத்து அறிக்கை, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்த மீதியைக் காட்டும் தாள், வேண்டும் என்றார்கள். விசாவுக்கும் கடனுக்கும் இதைத் தயாரித்துக் கொடுப்பதாக வெள்ளவத்தையில் பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போனேன். 35,000 ரூபா வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் முத்திரை குத்திய தாளைத் தந்தார். மொத்தம் 580 இலட்சம் ரூபா என்றிருந்தது. கடன்கள் ஏன் இல்லை என்று கேட்டேன். “சொத்தைக் காட்டத்தானே ஐயா கேட்கிறார்கள்” என்றார். நம்பிக் கையெழுத்திட்டேன்.

வங்கி முகாமையாளர் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வைத்தார். எல்லோரும் ‘கிரிப்’ என்று சொல்வது இதைத்தான். என் வீட்டுக் கடனும் வானின் லீசிங்கும் அதில் தெளிவாக இருந்தன. “இவற்றை ஏன் மறைத்தீர்கள்?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அறிக்கை தயாரித்த அந்த மனிதர் செய்ததைப் பாருங்கள். வீட்டை முழுதாக 420 இலட்சம் என்று போட்டிருந்தார். உறுதியில் எனக்கு இருப்பது பிரிக்கப்படாத அரைப் பங்கு. மற்றப் பாதி தங்கையுடையது. உறுதியின் பிரதியைக் கையில் கொடுத்தும் அவர் அதைப் படிக்கவில்லை. ஆகவே என் பங்கு 210 இலட்சம், அதன்மேல் 64 இலட்சம் கடன் பாக்கி. வான் 90 இலட்சம் பெறும், ஆனால் லீசிங்கில் 52 இலட்சம் மிச்சம். பதிவுப் புத்தகத்திலேயே லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நகை 40 இலட்சம் பெறும். அதில் 8 பவுன் 12 இலட்சத்துக்கு அடகில். நிலையான வைப்பு 30 இலட்சம் மட்டும்தான் சரி. சொத்து 370, கடன் 128, நிகரம் 242 இலட்சம். மகளின் படிப்புக்கு அந்த உண்மைத் தொகையே போதுமாக இருந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

பிறகு ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே கடன்களைத்தான். ஒரே திகதியைக் குறித்து, அந்தத் திகதிக்குரிய மீதியை வங்கியிடமும் லீசிங் நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்கிவரச் சொன்னார். மீதித் தவணைகளை நாமே கூட்டினால் இனி வரும் வட்டியும் சேர்ந்து கடன் பெருத்துவிடுமாம். ‘வாடிக்கையாளர் தந்த ஆவணங்களின்படி’ என்றுதான் கணக்காளர் எழுதுவார், விவரங்களுக்குப் பொறுப்பு கையெழுத்திடும் நமக்கே என்பதையும் அவரே விளக்கினார்.

விசாவுக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். கனடாவில் பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் 5 ஆண்டுகளுக்கு உள்ளே விடமாட்டார்கள். பணம் கொடுக்கும் முன், முத்திரையில் உள்ள பெயர் உறுப்பினருடையதா என்று கொழும்பு 7இல் உள்ள பட்டயக் கணக்காளர் நிறுவகத்திடம் கேளுங்கள். உங்கள் கிரிப் அறிக்கையையும் நீங்களே முதலில் எடுத்துப் பாருங்கள்.

என் 35,000 ரூபா திரும்பி வரவில்லை. உறுதியின் பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் இன்னும் அவரிடமே இருக்கின்றன. மூன்று முறை போய்க் கேட்டுவிட்டேன்.