உடைந்த படிக்கல்லுக்கு மாற்று: கப்பலில் வரும் கல்லா, உள்ளூர்க் கல்லா, பழைய கல்லா?

கொழும்பில் கருங்கல் கோயில் என்றதும் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய வேலை. பழைய கோயிலொன்றின் வாசற்படிகளில் ஒரு கல் உடைந்துவிட்டது; நீளம் 120, அகலம் 40, கனம் 15 சென்ரிமீற்றர். மற்றப் படிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து பழுக்கக்கூடிய கல் எது?

முதலில் உடைந்த கல்லை வாசிக்க வேண்டும். மேலே தெரியும் தவிட்டு நிறம் கல்லின் நிறமல்ல. இரும்புள்ள கனிமங்கள் காற்றிலும் மழையிலும் துருவேறியதால் வந்தது அது, கூடவே எண்ணெயும் புகையும் படிந்திருக்கும். அடிப்பக்கத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துப் புது உடைவைப் பாருங்கள். எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கரும்பச்சையாக இருந்தால் அது சார்னொக்கைட். கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடினால் நைஸ் எனப்படும் கல். ஒப்பிட வேண்டியது இந்த உட்பக்கத்தைத்தான், அதுவும் இரண்டு கல்லையும் நனைத்து, வெயிலில் வைத்து. பழைய மேற்பரப்பின் நிறத்துக்கு இன்று பொருந்துகிற கல், தானும் பழுத்தபின் பொருந்தாமல் போகும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் கல் அளவாக அறுத்து, வெடிப்பில்லாமல் கிடைக்கும். சென்னையருகே பல்லாவரக் குன்றுகளின் கல்லும் இலங்கை மலைகளில் பரவலாக உள்ள சார்னொக்கைட்டும் ஒரே இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஜோப் சார்னொக்கின் கல்லறையை மூடிய கல்லை வைத்துத்தான் அந்தப் பெயரே வந்தது. ஆகவே கேட்டு வாங்கினால் பொருந்தும். ஆனால் கடையில் ‘கறுப்பு கிரனைட்’ என்று விற்பது பெரும்பாலும் டொலரைட். அதில் வரியும் இல்லை, மற்றப் படிகளைப் போல் பழுக்கவும் மாட்டாது. தேய்மானமும் வேறுபடும். பக்கத்துப் படிகள் குழிய, இது மட்டும் மேடாக நிற்கும். மழைநீர் அந்த விளிம்பில் தேங்கும்.

பழைய கட்டடம் இடித்த கல் நிறத்தில் உடனே ஒத்துப்போகும். சிக்கல் அளவிலும் படுக்கையிலும். தேய்ந்த முகத்தைச் சீவினால் 15 சென்ரிமீற்றர் மிஞ்சாது. தூணாக நின்ற கல்லில் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதும் பார்க்காமல் தெரியாது. சிறு ஒட்டுத் துண்டுகளுக்கு இதைவிட நல்ல கல் இல்லை. முழுப் படிக்கு நாங்கள் இதை எடுக்கமாட்டோம்.

எங்கள் தெரிவு உள்ளூர்க் கல். ஆனால் சல்லிக்காக வெடிவைத்த குவியலிலிருந்து அல்ல. வெடி கல்லுக்குள் மயிரிழை வெடிப்புகளை விடும். கண்டுபிடிப்பது எளிது: கல்லை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். மேற்பரப்பு வெளுத்தபின்னும் கறுத்த கோடுகள் நின்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் மணியோசைக்குப் பதில் மொத்தென்று கேட்கும்.

அனுமதிப்பத்திரமுள்ள குவாரியில், வெடி அதிராத ஓரமாகப் பார்த்து ஆப்படித்துப் பிளக்கச் சொல்லுங்கள். வரியோடு ஒரே கோட்டில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் துளையிட்டு, ஆப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே ஆப்பில் பலத்தைக் காட்டினால் பிளவு கோட்டைவிட்டு ஓடும். ஒவ்வொரு பக்கமும் 3 சென்ரிமீற்றர் கூடுதலாக எடுத்தால் கல் 126 × 46 × 21. எடை ஏறக்குறைய 330 கிலோ. சங்கிலிக் கப்பி இல்லாமல் அசைக்க வேண்டாம். குவாரியை விட்டு வெளியேறுமுன் எது மேற்பக்கம், வரி எத்திசை என்று பெயின்ற்றால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். மங்கலான வரியுள்ள கல்லில், அறுத்தபின் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

படியில் வரி கிடையாக இருக்க வேண்டும். வரி செங்குத்தாக, முன்முகத்துக்கு இணையாக நின்றால் முகம் தகடு தகடாக உரியும். கிடையாக வைத்தாலும் மைக்கா செறிந்த கறுப்பு வரி மிதிபடும் மேற்பரப்பில் வரக்கூடாது. அங்கேதான் முதலில் பெயரும். அந்த வரி கீழே போகுமாறு மேற்பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

செதுக்கும்போது பழைய படியின் மேல் தாளை விரித்துக் கரியால் தேய்த்து உளித்தடத்தை எடுத்து, 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் எத்தனை தடம், எந்தச் சாய்வு என்று எண்ணிக்கொள்ளுங்கள். பருமட்டாகப் பொளிவதை 5 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, மீதியை மெல்லிய அடியில் கூருளியால் எடுக்க வேண்டும். பலமாக அடித்த இடம் முதலில் வெளுத்துத் தெரியும். பிறகு அதுவே பொடியாக உதிரும். நிறம் ஒத்துவர அமிலமோ சாயமோ பூசச் சொல்வார்கள். அமிலம் இரும்பைக் கிளப்பித் துருக்கோடுகளை ஓடவிடும், வேண்டாம். விளக்குகளின் எண்ணெயும் மிதிக்கும் கால்களும் சில வருடங்களில் அந்த வேலையைச் செய்துவிடும்.