குழு விவாதத்துக்கு உங்கள் வாடிக்கையாளரை அழைத்துத் தரச் சொல்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

தொழில்துறைக் கருத்தரங்குகளை நடத்தும் நிறுவனம் ஒன்று, குளிர்பதனக் கிடங்குகள் பற்றிய குழு விவாதத்தில் பேச, எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் தலைவரை அழைத்துத் தருமாறு என்னிடம் கேட்டது. கட்டணம் கிடையாது என்றும், வேறு நால்வர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்லி, அவர்களுடைய பெயர்களையும் அனுப்பினார்கள். நெடுநாள் பழக்கத்தின் பேரில் நான் அவருக்கு எழுதினேன். தம் நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறை அனுமதித்தால் வருவதாகவும், அதுவரை தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் அவர் அனுப்பிய பதிலை, ஒரு சொல்லும் மாற்றாமல் அமைப்பாளர்களுக்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்த விளம்பரத்தில் அவருடைய புகைப்படமும் அவர் நிறுவனத்தின் சின்னமும், 'உறுதிசெய்யப்பட்ட பேச்சாளர்' என்ற வரியும் இருந்தன. பெரிய நிறுவனங்களில் சின்னத்தைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும் என்பதால், அவர் தம் மேலிடத்துக்கு விளக்கம் எழுத நேர்ந்தது. இது போதாதென்று, 'பேச்சாளர் பங்களிப்புத் தொகை' என்று ஒரு கட்டணச் சீட்டு நேராக அவருக்கே போயிற்று. அவரைப் பரிந்துரைத்தவர் இதற்கு இசைந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை.

பட்டியலில் இருந்த நால்வரில் ஒருவரை நானே தொடர்புகொண்டபோதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் வாடிக்கையாளர் வருகிறார் என்று சொல்லித்தான் அவரையும் அழைத்திருக்கிறார்கள். அவரும் இன்னும் சம்மதம் தந்திருக்கவில்லை. ஒருவர் பெயரைக் காட்டி மற்றவரைப் பிடிப்பதும், சேர்ந்த பெயர்களைக் காட்டி விளம்பரதாரர்களிடம் பணம் பெறுவதும்தான் இவர்களுடைய முறை. கொள்முதல் தலைவர்களோடு ஒரே மேடையில் அமர்வதற்கு விற்பனையாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் அல்லவா?

நெறியாளர் யார் என்று விடாமல் கேட்டபின், அவர் முதன்மை விளம்பரதாரரின் விற்பனைத் தலைவர் என்று தெரிந்தது. 45 நிமிட விவாதத்தில் அவருடைய தொடக்க உரைக்கு 10 நிமிடம், பார்வையாளர் கேள்விகளுக்கு 10 நிமிடம் என்று ஒதுக்கியிருந்தார்கள். எஞ்சிய 25 நிமிடத்தை ஐவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒழுங்காக நடத்துபவர்கள் நிகழ்ச்சிக்கு முன்பே பேச்சாளர்களையும் நெறியாளரையும் ஓர் அழைப்பில் சேர்த்து, கேள்விகளின் போக்கைப் பேசி முடிப்பார்கள். ஒளிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் தருவார்கள். இங்கே இரண்டுமே இல்லை.

ஆகவே இப்படிக் கேட்டு வருபவர்களிடம், நெறியாளரின் பெயரையும் அவர் பணிபுரியும் இடத்தையும் எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் உள்ள ஒருவரிடமாவது நேரில் விசாரியுங்கள். அதன் பிறகு உங்கள் தொடர்பாளருக்கு எழுதுங்கள்.

எங்கள் வாடிக்கையாளர் விலகிக்கொண்டார். பெயரை நீக்கக் கோரிய கடிதத்துக்கு, கையேடு அச்சாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. விளம்பரதாரர்களின் விற்பனை அழைப்புகள் அவருக்கு இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.