நல்ல மருந்து, நன்றாக இருக்கும் மருந்து, நல்லதான மருந்து

ஒரு மருந்தைப் பற்றி மூன்று பேர் ஆளுக்கொரு வரி சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இது நல்ல மருந்து.
இந்த மருந்து நன்றாக இருக்கிறது.
இந்த மருந்து நல்லது.

மூன்றிலும் பாராட்டு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் முதலாமவர் மருந்து வேலை செய்கிறது என்கிறார். இரண்டாமவர் அதைக் குடித்துப் பார்த்து, கசக்கவில்லை என்கிறார். மூன்றாமவர் அது உடம்புக்கு நன்மை தரும், கெடுதல் செய்யாது என்கிறார். கசந்து வழியும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரியை யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற இரண்டையும் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றும் ‘நல்’ என்ற ஒரே அடியிலிருந்து வந்தவை. ‘நல்ல’ என்பது குறிப்புப் பெயரெச்சம், அதாவது காலம் காட்டாமல் ஒரு பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் சொல். இன்றைய இலக்கண நூல்கள் பெயரடை என்கின்றன. ‘நல்’லோடு ‘து’ சேர்ந்தால் ஒரு வடிவம் ‘நன்று’, இன்னொரு வடிவம் ‘நல்லது’. ‘அல்’ என்பதிலிருந்து ‘அன்று’, ‘அல்லது’ இரண்டும் வந்த அதே வழிதான். அந்த ‘நன்று’டன் ‘ஆக’ ஒட்டினால் ‘நன்றாக’ என்ற வினையடை. பேச்சில் இதற்கு ‘நல்லா’.

முதல் வேறுபாடு இடத்தைப் பொறுத்தது. ‘நல்ல’ தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்கும், தனியாக வாக்கியத்தை முடிக்காது. ‘இந்த மருந்து நல்ல’ என்றால் கேட்பவர் மீதியை எதிர்பார்த்து நிற்பார். ‘நன்றாக’ ஒரு வினையைக் கேட்கும். அதனால்தான் ஒரு பொருளை வர்ணிக்க ‘நன்றாக’வைக் கொண்டுவந்தால் கூடவே ‘இரு’ என்ற வினையும் வந்துவிடுகிறது: நன்றாக இருக்கிறது, அழகாக இருக்கிறாள், சூடாக இருந்தது. ‘நல்லது’ மட்டும் யார் துணையும் இல்லாமல் பயனிலையாக நிற்கும்.

இந்த ‘இரு’ சும்மா வந்து நிற்பதில்லை. பார்த்தோ தொட்டோ கேட்டோ ருசித்தோ ஒருவர் இப்போது உணர்வதை அது வாக்கியத்துக்குள் கொண்டுவருகிறது. ‘அவர் நல்லவர்’ என்பது குணம். ‘அவர் நன்றாக இருக்கிறார்’ என்றால் உடல்நலத்தோடு இருக்கிறார், அல்லது வசதியாக இருக்கிறார், அல்லது பார்க்க லட்சணமாக இருக்கிறார். குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படுபாவியும் நன்றாக இருக்கலாம். ‘அவள் நல்ல பாடகி, ஆனால் நேற்று நன்றாகப் பாடவில்லை’ என்ற வரியில் முரண்பாடு இல்லாததும் இதனால்தான். முன்னது அவளுடைய நிலையான திறமையைப் பற்றியது, பின்னது ஒரு நாள் நடந்ததைப் பற்றியது.

எந்த வடிவம் எந்த வேலை செய்கிறது என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பார்க்கலாம். ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு எதிர் ‘நன்றாக இல்லை’. ‘நல்லது’ என்பதற்கு எதிர் ‘நல்லது அல்ல’. ‘நல்ல படம்’ என்பதற்கு எதிர் ‘நல்ல படம் அல்ல’. பேச்சில் ‘அல்ல’வின் இடத்தையும் ‘இல்லை’யே பிடித்துக்கொள்வதால் ‘நல்ல படம் இல்லை’ என்று எழுதினால் இரண்டு பொருள் வரும்: இந்தப் படம் நல்லதல்ல, அல்லது பார்ப்பதற்கு நல்ல படமே ஒன்றும் இல்லை. எழுத்தில் ‘அல்ல’வை விடாமல் வைத்திருப்பது நல்லது என்பது என் கட்சி.

ஒற்றும் துப்புக் கொடுக்கும். நல்ல பாட்டு, அழகான கையெழுத்து, வேகமான குதிரை: இங்கே வல்லினம் மிகாது. நன்றாகப் பாடினாள், அழகாகக் கட்டினான், வேகமாகப் போனது: இங்கே மிகும். ‘நல்லப் பாட்டு’ என்று எழுதுகிறவர் பெயரடையை வினையடை போல நடத்துகிறார். குறுஞ்செய்திகளில் நாள்தோறும் கண்ணில் படும் ‘நல்ல இருக்கு’ வேறு வகை. அது ‘நல்லா இருக்கு’தான், ஒரு கால் விடுபட்டிருக்கிறது, அவ்வளவே.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பொருளையும் வர்ணிக்கலாம், செய்ததையும் வர்ணிக்கலாம் என்று இரண்டு வழியும் திறந்திருக்கும்போது எதை எடுப்பது?

பெரிய சட்டை தைத்தார்.
சட்டையைப் பெரிதாகத் தைத்தார்.

இரண்டிலும் கடைசியில் கையில் கிடைப்பது பெரிய சட்டைதான். ஆனால் முதல் வரி வெறும் தகவல். கேட்டதே பெரிய சட்டையாக இருக்கலாம். இரண்டாவது வரியில் ‘பெரிதாக’ தைத்த வேலையோடு ஒட்டிக்கொண்டு, வேலையின் விளைவு இப்படி ஆகிவிட்டது என்கிறது. சாதாரணமாகக் கேட்பவர் காதில் அது ஒரு குறையாகவே விழும். வேண்டுமென்றேதான் பெரிதாகத் தைக்கச் சொன்னோம் என்றால் ‘வளரும் பிள்ளை என்பதால்’ என்பது போல ஒரு காரணம் முன்னால் வர வேண்டியிருக்கிறது. கவனிக்க, ‘பெரிய’ என்பதோடு நேராக ‘ஆக’ ஒட்டாது, ‘பெரிது’ என்பதோடுதான் ஒட்டும். ‘நன்று’ போலவே.

‘நல்லது’டனும் ‘ஆக’ சேரும், ஆனால் அந்த ‘நல்லதாக’ வேறு வேலைக்காரன். ‘நல்லதாக எடு’ என்றால் இருப்பவற்றில் நல்ல ஒன்றை எடு. அங்கே ‘நன்றாக எடு’ என்றால் எடுக்கும் செயலைச் சரியாகச் செய் என்றாகிவிடும். இரண்டும் வினையடை போலத் தெரிந்தாலும் ‘நல்லதாக’வின் கண் பொருளின் மேல்தான் இருக்கிறது.

வினையடைக்கு ஒரு தொல்லை உண்டு. வாக்கியத்தில் இரண்டு வினை இருந்தால் எதோடு சேர்வது என்று தடுமாறும். ‘வேகமாக ஓடும் வண்டியை நிறுத்தினான்’ என்பதில் வேகம் வண்டியுடையதா, நிறுத்தியவனுடையதா? அருகில் இருக்கும் வினையோடு சேர்த்துப் படிப்பதே வழக்கம், ஆகவே வண்டியின் வேகம். நிறுத்தியதுதான் வேகம் என்றால் ‘ஓடும் வண்டியை வேகமாக நிறுத்தினான்’ என்று இடம் மாற்றினால் போதும். பெயரடையில் இந்தச் சிக்கல் குறைவு, ‘வேகமான வண்டி’யில் குழப்பத்துக்கு வழியில்லை. இருந்தாலும் அதுவும் முழுதாகத் தப்பவில்லை. ‘நல்ல எழுத்தாளரின் கதை’ என்பதில் ‘நல்ல’ எழுத்தாளரைத்தான் பிடிக்கும். கதையைச் சொல்ல வந்தவர் ‘எழுத்தாளரின் நல்ல கதை’ என்றுதான் எழுத வேண்டும்.

‘நல்ல’, ‘நன்றாக’ இரண்டும் ‘மிகுதி’ என்ற பொருளுக்கும் நழுவும். நல்ல காய்ச்சல், நல்ல வெயில், நன்றாக ஏமாந்தான். இங்கெல்லாம் நன்மை எதுவும் கிடையாது, அளவுதான் பேசுகிறது.

செய்தி நடையில் ஒரு பழக்கம் இருக்கிறது: ‘சிறப்பான முறையில் பேசினார்’, ‘வேகமான முறையில் பணிகள் நடந்தன’. வினையடை போட வேண்டிய இடத்தில் பெயரடையைப் போட்டுவிட்டு, அது பிடித்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டுமே என்று ‘முறை’யைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ‘சிறப்பாகப் பேசினார்’ என்ற இரண்டு சொல்லில் இல்லாத எதையும் அந்த மூன்றாவது சொல் கொண்டுவரவில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. முறையையே சுட்ட வேண்டியிருந்தால், அதாவது ‘இதைப் பழைய முறையில் செய்தார்கள், அதைப் புதிய முறையில் செய்தார்கள்’ என்கிற மாதிரி, அந்தச் சொல் அங்கே இருந்தே ஆக வேண்டும்.