ரகசியம் யாருக்குத் தெரியும்? ஏஐ கதை விளையாட்டில் நிலைத்தாள்

நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் செல்லும் ஒரு வணிகக் கப்பலின் கதையை, ஏஐ சாட்டில் நானும் என் தங்கையும் ஓராண்டுக்கு மேலாக விளையாடி வருகிறோம். அவள் வீடு தெம்பனிசில், என்னுடையது ஜூரோங்கில். சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்துகொள்வோம். உரையாடல் நீண்டால் பழைய பகுதிகள் ஏஐயின் நினைவெல்லையைத் தாண்டிவிடும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடத்தை எடுப்பதால் எங்களுக்கு அது சீக்கிரமே நேர்கிறது. எனவே அவ்வப்போது புதிய சாட் தொடங்கியே ஆக வேண்டும்.

முதலில் ஒவ்வொரு முறையும் கதைச் சுருக்கம் கேட்டு வாங்கி அடுத்ததில் ஒட்டினோம். சுருக்கத்தின் சுருக்கத்தில் காசுக் கணக்கும் காயங்களும் மங்கிப்போயின. அதைவிட மோசம், ரகசியங்கள் உடைந்தது. மாலுமி நக்கன் கொள்ளையரின் ஆள் என்பது நாங்கள் ஆடும் பாத்திரமான மாறனுக்கு மட்டுமே தெரியும். புதிய சாட்டின் முதல் காட்சியிலேயே கப்பல் தலைவர் நக்கனைத் துரோகி என்று திட்டினார். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஏஐயே குரல் கொடுக்கிறது. சுருக்கத்தில் படித்ததை யார் வாயில் வைக்கலாம், யார் வாயில் வைக்கக் கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் சுருக்கத்துக்குப் பதிலாக ஒரு நிலைத்தாளை வைத்து, அதையே புதிய சாட்டில் ஒட்டுகிறோம். இப்போது அது இப்படி இருக்கிறது:

```
நேரம்: பயணத்தின் 20ஆம் நாள், மாலை
இடம்: மேல்தளம்; கடாரம் 2 நாள் தொலைவு
மாறன்: இடக்கையில் காயம்; 12 காசு; குறுவாள்
ரகசியம்: நக்கன் கொள்ளையரின் ஆள்
  தெரியும்: மாறன்
  தெரியாது: தலைவர், மற்ற மாலுமிகள்
வாக்கு: சமையற்காரரின் கடிதத்தைக் கடாரத்தில் சேர்க்க வேண்டும்
```

நடந்த கதை இதில் இல்லை, இந்த நொடியின் நிலை மட்டுமே இருக்கிறது. காயம் ஆறினால் அந்தச் சொல்லை அழித்துவிடுவோம். முடிந்ததை விட்டுவைத்தால் ஏஐ அதை மறுபடியும் கதைக்குள் இழுத்து வரும். திருத்துவது எப்போதும் எங்கள் கைதான். ஏஐயிடம் முழுத் தாளையும் புதிதாக எழுதச் சொன்னால், நாங்கள் தொடாத வரிகளும் மாறி வருகின்றன.

தாளை ஒட்டியதும் விளையாடத் தொடங்குவதில்லை. "கதையைத் தொடராதே, தலைவருக்கு நக்கனைப் பற்றி என்ன தெரியும், மாறனிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்" என்று எழுதுகிறோம். பதிலில் பிசகு தெரிந்தால் தாளின் அந்த வரியைத் தெளிவாக்கிவிட்டு வேறொரு சாட்டில் ஒட்டுகிறோம். தவறான பதில் அதே உரையாடலில் கிடந்தால் பின்னால் அதுவே கதைக்குள் நுழைந்துவிடக்கூடும்.

இத்தனை செய்தும் நெடுங்காட்சிகளில் ரகசியம் எப்போதாவது கசிகிறது. அப்போது அந்தப் பதிலை அழித்து மறுபடி எழுத வைக்கிறோம். பாத்திரங்களின் பேச்சு நடையையும் தாளால் காக்க முடியவில்லை. தலைவரின் கறார் பேச்சு புதிய சாட்டில் குழைந்துவிடுகிறது. அதற்காக முந்தைய காட்சியில் அவர் பேசிய கடைசிச் சில வரிகளை அப்படியே தாளுக்குக் கீழே ஒட்டுகிறோம்.